ஒரு பில்லியன் எத்தனை கோடி?

2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்குச் சுமார் 3 பில்லியன் டாலர் கடன் தர ஒப்புதல் கொடுத்தது. நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாக வரவேண்டிய கடன் அது. முதல் தவணை ஏறத்தாழ 333 மில்லியன் டாலர். கொழும்பில் இருந்து இந்தச் செய்தியைத் தமிழில் எழுதுபவர் '3 பில்லியன் டொலர்', '333 மில்லியன் டொலர்' என்றே எழுதுவார். அங்கே வாசகர் பழகியிருப்பது அந்த அளவைத்தான். சென்னையில் எழுதுபவர் '300 கோடி டாலர்', '33.3 கோடி டாலர்' என்பார். மலேசியா, சிங்கப்பூரிலும் மில்லியன் வெள்ளி, பில்லியன் வெள்ளி என்பதே வழக்கம். எல்லாம் தமிழ்தான், எதிலும் பிழை இல்லை. பிழை வருவது ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்குத் தாவும் இடத்தில். 333 மில்லியன் 333 கோடி ஆகிவிடும், 3 பில்லியன் 30 கோடி ஆகிவிடும். ஒரு சுழி கூடினாலும் குறைந்தாலும் வாக்கியம் பார்க்க ஒழுங்காகவே இருப்பதால் மெய்ப்புத் திருத்துபவர் கண்ணிலும் படாது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். லட்சம் என்பது சமஸ்கிருத 'லக்ஷ' என்பதிலிருந்து வந்தது. அடையாளம், குறி என்பது அதன் இன்னொரு பொருள். தமிழ் அதை இலட்சம் என்றும் இலக்கம் என்றும் எடுத்துக்கொண்டது. கந்தபுராணத்தில் முருகனின் படையில் வரும் 'இலக்கம் வீரர்' ஒரு லட்சம் பேர். இன்று இலக்கம் என்றால் எண் என்றுதான் புரிந்துகொள்வோம். யாழ்ப்பாணத்தில் வீட்டு முகவரியே 'இலக்கம் 12' என்று தொடங்கும். ஆகவே லட்சத்துக்கு மாற்றாக இலக்கத்தை மீட்டுக் கொண்டுவர வேண்டாம். தனித்தமிழ்ச் சொல் வேண்டும் என்பவர்களுக்கு நூறாயிரம் இருக்கிறது. அது புதிதாகச் செய்ததும் அல்ல. கபிலருக்குச் சேர அரசன் செல்வக்கடுங்கோ வாழியாதன் நூறாயிரம் காணம் கொடுத்தான் என்று பதிற்றுப்பத்தின் பதிகம் சொல்கிறது. ஆனால் செய்தியில் '33 நூறாயிரம்' என்று எழுதினால் வாசகர் ஒரு நொடி நின்று கணக்குப் போடுவார். எண்ணை எழுதும்போது அந்த ஒரு நொடியைக்கூட அவரிடம் கேட்கக் கூடாது என்பது என் கட்சி. அதனால் நான் லட்சம் என்றே எழுதுகிறேன்.

கோடிக்கு முனை, கடைசி என்ற பொருள் உண்டு. தெருக்கோடி, கடைக்கோடி என்கிறோமே, அதேதான். தனுஷ்கோடி என்றால் வில்லின் முனை. எண்ணிக்கொண்டே போய் ஒரு முனையை எட்டிவிட்டோம் என்ற எண்ணத்தில் அந்தப் பேரெண்ணுக்கு இந்தப் பெயர் வந்திருக்கலாம். 'கோடி தொகுத்தார்க்கும் துய்த்தல் அரிது' என்று குறளே சொல்வதால் இது நமக்கு நேற்று வந்த சொல் இல்லை.

மில்லியன் இத்தாலியில் பிறந்தது. அங்கே ஆயிரத்துக்கு 'மில்லே' என்று பெயர். அதன் பின்னால் பெரிது என்று காட்டும் ஒட்டைச் சேர்த்தால் 'பெரிய ஆயிரம்', அதாவது ஆயிரம் ஆயிரம். நம் கணக்கில் பத்து லட்சம். பில்லியனின் கதைதான் சிக்கல். பிரெஞ்சுக்காரர்கள் அதை முதலில் மில்லியன் மில்லியன் என்ற பொருளில்தான் உருவாக்கினார்கள்; நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி. பிற்பாடு ஆயிரம் மில்லியன், அதாவது நூறு கோடி, என்ற பொருளும் பரவி அமெரிக்கா அதையே எடுத்துக்கொண்டது. பிரிட்டன் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டிருந்து, 1974இல்தான் அரசாங்கக் கணக்கில் அமெரிக்க வழிக்கு வந்தது. பழைய ஆங்கில–தமிழ் அகராதியில் பில்லியனுக்கு 'லட்சம் கோடி' என்று போட்டிருந்தால் அது அச்சுப்பிழை அல்ல, அந்தக் காலத்துச் சரியான பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் பில்லியன் என்றால் லட்சம் கோடிதான். நூறு கோடிக்கு அவர்கள் சொல்வது மில்லியார்டு. ஜெர்மன் மூலத்திலிருந்து செய்தி எடுப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

இவற்றுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேவையா? அற்புதம், நிகற்புதம், கும்பம் என்று பழைய பேரெண் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. பட்டியலுக்குப் பட்டியல் மதிப்பு மாறும், படிப்பவருக்கும் தெரியாது. பத்து லட்சம், நூறு கோடி, லட்சம் கோடி என்பவையே மில்லியன், பில்லியன், டிரில்லியனுக்கு நிலைத்த தமிழ். 2024 ஜூலையில் தாக்கலான மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு 48,20,512 கோடி ரூபாய். ஆங்கிலத்தில் சிலர் அதை 48.2 டிரில்லியன் என்பார்கள், நாம் 48.2 லட்சம் கோடி என்று சொல்லிவிட்டுப் போகலாம். எண் அப்படியே இருக்கும், சொல் மட்டும் மாறும்.

மற்ற இரண்டுக்கும் எண்ணும் மாறும். மில்லியனைப் பத்தால் வகுத்தால் கோடி, பில்லியனை நூறால் பெருக்கினால் கோடி. மில்லியனிலிருந்து லட்சம் வேண்டுமானால் பத்தால் பெருக்க வேண்டும். குழப்பம் பிறப்பது இங்கேதான், ஒரே மில்லியனுக்கு ஒரு பக்கம் பெருக்கல், இன்னொரு பக்கம் வகுத்தல். எனக்கு உதவுவது ஒரு நங்கூர எண். உலக மக்கள்தொகை சுமார் 8 பில்லியன், அதாவது 800 கோடி. எந்தப் பில்லியன் வந்தாலும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

எண்ணாக இல்லாமல் சொல்லாக வரும் அளவுகளுக்கும் இதே விதிதான். 'மில்லியன்ஸ்' என்று மூலத்தில் இருந்தால் பலர் கையோடு 'லட்சக்கணக்கான' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு மூன்று மில்லியன் என்றால் அது சரி. 'பத்துப் பத்து மில்லியனாக' என்ற பொருளில் வந்தால் அது கோடிக்கணக்கு. சூழலைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பில்லியனரைக் கோடீஸ்வரர் ஆக்குவது இன்னும் பெரிய அநியாயம். நம் ஊரில் ஒரு மனை வைத்திருப்பவரே கோடீஸ்வரர்தான். 'நூறு கோடி டாலருக்கு மேல் சொத்துள்ளவர்' என்று விரித்து எழுதுவதே நேர்மை.

அப்புறம், நாணயத்தை மாற்றுவது தனி வேலை. அளவை மாற்றும் அதே மூச்சில் அதையும் செய்யக் கூடாது. இலங்கைக் கடனின் முதல் தவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 333 மில்லியன் டாலர் முதலில் 33.3 கோடி டாலர் ஆகட்டும். அன்று ஒரு டாலர் சுமார் 82 இந்திய ரூபாய். பெருக்கினால் கால்குலேட்டர் 2,730.6 என்று காட்டும். எழுத வேண்டியது 'சுமார் 2,700 கோடி ரூபாய்'. மூலமே 'ஏறத்தாழ' என்று சொல்லும்போது நாம் புள்ளிக்கு அப்புறமும் எண் போடுவது இல்லாத துல்லியத்தைச் சேர்ப்பதாகும். இலங்கை ரூபாயா இந்திய ரூபாயா என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிதிநிலை அறிக்கைகளில் ஆபத்து வேறு வடிவத்தில் வருகிறது. அங்கே லட்சம், கோடி, மில்லியன் என்ற சொல் எண்ணின் பக்கத்தில் இருக்காது. அட்டவணையின் வலது மேல்மூலையில் சிறிய எழுத்தில் 'ரூபாய் லட்சங்களில்' என்று ஒரே ஒருமுறை இருக்கும். இந்திய நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பெரிய நிறுவனங்கள் லட்சம், மில்லியன், கோடி இவற்றில் எதில் வேண்டுமானாலும் முழுமையாக்கிக் காட்டலாம் என்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அறிக்கை முழுவதும் அதையே பின்பற்ற வேண்டும். அதனால் ஒரே துறையில் இன்ஃபோசிஸ் கோடியில் கணக்குக் காட்டுகிறது, விப்ரோ மில்லியனில் காட்டுகிறது. நேற்று ஒன்றை மொழிபெயர்த்த கை, இன்று அடுத்ததையும் அதே அளவில் எழுதிவிடும். நானே ஒருமுறை லட்சத்தில் இருந்த காலாண்டு முடிவைக் கோடி என்று எழுதி அனுப்பி, அச்சுக்குப் போகும் நேரத்தில் இன்னொருவர் கண்டுபிடித்ததால் தப்பித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சோதனையைப் பழக்கிக்கொண்டேன். கற்பனையாக ஒரு நிறுவனம். அட்டவணை லட்சங்களில். நிகர லாபம் 6,210.00. பங்கு ஒன்றுக்கான ஈட்டம் 41.40. இந்த இரண்டாவது எண் மட்டும் லட்சத்தில் இல்லை. பங்கு ஒன்றுக்கான ஈட்டம் எப்போதும் வெறும் ரூபாயில்தான் இருக்கும், அதைப் பெருக்கவோ வகுக்கவோ கூடாது. குறிப்புகளில் மொத்தப் பங்குகள் 1,50,00,000, அதாவது ஒன்றரைக் கோடி, என்று முழு எண்ணாக இருக்கிறது. 6,210 லட்சம் என்றால் 62.10 கோடி. ஒன்றரைக் கோடியால் வகுத்தால் 41.40. பொருந்திவிட்டது, ஆகவே லாபம் 62.10 கோடி ரூபாய்தான். அதையே 6,210 கோடி என்று படித்திருந்தால் விடை 4,140 வந்து பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கும். 6,210 மில்லியன் என்று படித்திருந்தால் 414.

இதில் ஒரு பொறியும் உண்டு. பங்கு எண்ணிக்கையை அட்டவணையில் உள்ள பங்கு மூலதனத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கக் கூடாது. அங்கே மூலதனம் 1,500.00 என்று இருக்கும்; பத்து ரூபாய் முகமதிப்பால் வகுத்து 150 என்று எடுத்தால், லாபத்தைத் தவறாகப் படித்த அதே அளவில் பங்குகளையும் தவறாகப் படித்திருப்பீர்கள். இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 41.40 என்றே விடை வரும், பிழை உள்ளேயே இருக்கும். முழு எண்ணாக அச்சிட்ட பங்கு எண்ணிக்கை குறிப்புகளின் நடுவே எங்கோ இருக்கும். அதைத் தேடி எடுத்துத்தான் வகுக்க வேண்டும்.