துபாய் கிளம்பும் முன் போனில் இருக்கும் வி.பி.என்.-ஐப் பாருங்கள்

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் பக்கம் எத்தனையோ வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். புதிதாகக் கிளம்புகிறவருக்கு விசா, டிக்கெட், பெட்டி எடை எல்லாவற்றையும் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுக்கிறோம். ஆனால் "அங்க வாட்ஸ்அப் கால் போகாது, இந்த வி.பி.என். போட்டுக்கோ" என்று யாரோ ஒரு ஆப்பை ஏற்றிவிடும்போது மட்டும் ஒருவரும் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டிய விஷயம் அது.

வி.பி.என். என்ன செய்கிறது என்றால், உங்கள் போனுக்கும் வேறு ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் சர்வருக்கும் இடையில் பூட்டிய பாதை ஒன்றைப் போடுகிறது. நீங்கள் பார்க்கும் தளத்துக்கு, இணையத்தில் உங்கள் போனை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி தெரியாது, அந்த சர்வரின் முகவரிதான் தெரியும். நம் நாட்டில் சாதாரண ஆள் இதைப் பயன்படுத்தப் பொதுவாகத் தடை இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) போட்ட உத்தரவுகூட, வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சேவை தருகிற கம்பெனிகளுக்குத்தான் பொறுப்பு வைத்தது. இந்தப் பழக்கத்தில்தான் எல்லா ஊரிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில், அதாவது துபாய், அபுதாபி, ஷார்ஜா எல்லாம் சேர்ந்த நாட்டில், இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 2021-இன் 34-ஆம் எண் கூட்டாட்சி ஆணைச் சட்டம், 2022 ஜனவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதில் பிரிவு 10. போலி முகவரியையோ வேறொருவருடைய முகவரியையோ வைத்துத் தன் ஐ.பி. முகவரியை மறைத்து, அதன் மூலம் ஒரு குற்றம் செய்ய நினைத்தாலோ, செய்த குற்றம் தெரியாமல் தடுக்க நினைத்தாலோ சிறை, அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்ச அபராதமே நம் பணத்தில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும்.

இங்கே நன்றாகக் கவனியுங்கள். போனில் வி.பி.என். இருப்பதே குற்றம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, குற்றத்துக்காக மறைப்பதைத்தான் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு "நான் என்ன திருடவா போறேன், அம்மாகிட்ட பேசத்தானே" என்று பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான். இணையம் வழியாகக் குரல் அழைப்பு தருவது அங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதிக்கு உட்பட்ட சேவை. அனுமதி பெறாத அழைப்புகளை எதிசலாத், டு ஆகிய இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களும் தடுக்க வேண்டும். தடுக்கப்பட்ட ஒன்றை வி.பி.என். போட்டுத் திறந்தால், அது பிரிவு 10-க்குள் வராது என்று உங்களுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. வீட்டுக்குப் பேச இவ்வளவு பெரிய அபராதத்தின் ஓரத்தில் போய் நிற்கத் தேவையே இல்லை, ஏனென்றால் சட்டப்படியான வழிகள் இருக்கின்றன.

நெல்லிக்குப்பத்திலிருந்து விசிட் விசாவில் வேலை தேடப் போகிற ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். கையில் ஆண்ட்ராய்டு போன், அதில் நண்பர் ஏற்றிய இலவச வி.பி.என். துபாயில் இறங்கி உள்ளூர் சிம் போட்டதும் வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் ஒழுங்காகப் போகும். கால் போட்டால் மட்டும் இணைப்பு கிடைக்காமல் அப்படியே நிற்கும், இல்லையென்றால் எடுத்தபின் சத்தம் வராது. நெட் மோசம் என்று நினைத்து வி.பி.என்.-ஐ ஆன் செய்வதுதான் இங்கே எல்லோரும் செய்வது. மற்றதெல்லாம் ஓடி, கால் மட்டும் நின்றால் அது தடை, நெட் பிரச்சினை இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

அவர் கிளம்பும் முன் செய்ய வேண்டியது, போட்டிம் மாதிரி அங்கே அனுமதி பெற்ற ஆப் ஒன்றைத் தன் போனில் மட்டுமில்லாமல் அம்மாவின் போனிலும் ஏற்றி, ஒருமுறை பேசிப் பார்த்துவிடுவது. இதைத்தான் பலர் மறக்கிறார்கள். அங்கே போன பிறகு, ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் புது ஆப்பை ஏற்றச் சொல்லிக் கொடுக்க முடியாமல் கடைசியில் வி.பி.என். பக்கம் போகிறார்கள். ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் ஆகியவையும் அனுமதிக்கப்பட்டவை. இந்தப் பட்டியல் மாறக்கூடியது, அதனால் கிளம்பும் வாரத்தில் அந்நாட்டு அரசின் u.ae தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் ஊர் சிம்மில் ரோமிங் பேக் போட்டுப் போனால் டேட்டா பெரும்பாலும் இந்திய நெட்வொர்க் வழியாகச் சுற்றி வருகிறது, அதனால் வி.பி.என். இல்லாமலேயே வாட்ஸ்அப் கால் போவதும் உண்டு. நாலு நாள் பயணத்துக்கு அது போதும், மாதக்கணக்கில் தங்குகிறவருக்குக் கட்டுப்படியாகாது.

அப்புறம் போனைச் சுத்தம் செய்வது. ஆண்ட்ராய்டில் Settings திறந்து தேடலில் VPN என்று அடித்தால் அந்தப் பக்கம் வரும், அதில் உள்ள பெயருக்குப் பக்கத்துச் சக்கரத்தைத் தொட்டு Always-on VPN ஆன் ஆகியிருந்தால் முதலில் அணைத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள். ஐபோனில் Settings, பிறகு General, பிறகு VPN & Device Management. ஆப்பை அழித்த பிறகும் இந்த இடத்தை ஒருமுறை பாருங்கள், அமைப்பு மட்டும் தங்கியிருக்கலாம். வி.பி.என். ஓடும்போது ஆண்ட்ராய்டில் மேலே சாவிப் படம் வரும், ஐபோனில் VPN என்ற எழுத்து வரும். காசு கொடுத்து வாங்கிய சில ஆன்டிவைரஸ் ஆப்கள் பொது வைஃபையைக் கண்டதும் தாமாகவே வி.பி.என்.-ஐ ஓட்டிவிடும், ஓபரா பிரவுசருக்குள்ளும் ஒன்று இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் துபாயிலோ அபுதாபியிலோ விமானம் மாறும்போது ஏர்போர்ட் வைஃபையில் சேர்ந்ததும் இது நடக்கும், அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இறங்கி மாறுகிற அந்தச் சில மணி நேரமும் அந்த நாட்டு மண்ணில்தான் இருக்கிறீர்கள். சென்னையில் ஏறும் முன்பே அணைத்துவிடுங்கள்.

கம்பெனி லேப்டாப் கொண்டுபோகிறவர்கள் கதை வேறு. நிறுவனங்களும் வங்கிகளும் தங்கள் உள் நெட்வொர்க்குக்குச் செல்ல வி.பி.என். பயன்படுத்தலாம் என்று அந்நாட்டு ஆணையம் 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் ஐ.டி. பிரிவிடம், அலுவலக வேலைக்காக இந்த இணைப்பு தரப்பட்டிருக்கிறது என்று ஒரு மெயில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே இணைப்பில் வாட்ஸ்அப் கால் போடாதீர்கள், அலுவலக வேலைக்கு என்று சொன்ன காரணம் அந்த நிமிடமே செல்லாமல் போய்விடும்.

மற்ற நாடுகளில் சட்டத்தின் வடிவமே மாறுகிறது, அதனால் அமீரகத்துக்குப் படித்ததை வைத்து இன்னொரு ஊரை எடைபோடக் கூடாது. சீனாவில் கேள்வி, அந்த இணைப்பு அரசு அனுமதித்ததா இல்லையா என்பது. அனுமதியில்லாத வழியில் வெளிநாட்டு இணையத்துக்குப் போனதற்காகத் தனி நபர்களுக்கும் அபராதம் விழுந்திருக்கிறது, விதியில் உச்சவரம்பு 15,000 யுவான். ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம்: அங்கே வி.பி.என். வைத்திருப்பதற்குத் தனித் தண்டனை இல்லை, ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல், தீவிரவாதப் பட்டியலில் உள்ளவற்றை வேண்டுமென்றே தேடினால், வி.பி.என். வழியாகத் தேடினாலும், 3,000 முதல் 5,000 ரூபிள் அபராதம். ஏதாவது குற்ற வழக்கில் வி.பி.என். பயன்பட்டிருந்தால் அது தண்டனையைக் கூட்டும் காரணமாகவும் எடுத்துக்கொள்ளப்படும்.

ஆக எந்த நாட்டுக்குப் போனாலும் தேட வேண்டிய கேள்விகள் இவை: பயன்படுத்துவதே தடையா, அனுமதி பெற்றதை மட்டும் பயன்படுத்தலாமா, அல்லது எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதை வைத்துக் குற்றமா. ஏஜென்ட் சொல்வதையும், அங்கே பத்து வருஷமாக இருக்கிற மாமா "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதையும் இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தளத்திலேயே பாருங்கள். அவருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் மாமா சொல்கிறார்.