சொல் விளக்கம்: தவிர்த்தலும் புறக்கணித்தலும்

திருமணம் முடிவாகிய ஒரு ஜோடி, கல்யாணத்துக்குப் பிறகு வைக்கும் வரவேற்பு நிகழ்ச்சி வேண்டாம் என்று முடிவெடுத்து, குடும்பத்துப் பெரியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது:

“மரியாதைக்குரிய பெரியோர்களே, நிதிச்சுமையைக் கருத்தில் கொண்டு வரவேற்பு நிகழ்ச்சியைப் புறக்கணிக்க விரும்புகிறோம். தங்கள் புரிதலுக்கு நன்றி.”

இந்தப் ‘புறக்கணிக்க’ என்ற சொல்லை இப்படிப்பட்ட செய்திகளில் அடிக்கடி பார்க்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஸ்கிப்’ என்று நினைத்துவிட்டு, அதற்குத் தமிழில் மரியாதையான ஒரு சொல் வேண்டும் என்று தேடி, கடைசியில் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இருப்பவற்றில் மரியாதை மிகக் குறைந்த சொற்களில் ஒன்று இது. பெரியவர்கள் மனம் புண்பட்டால் அதற்குச் சடங்கை விட்டது மட்டும் காரணமாக இருக்காது. இந்தச் சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு.

‘ஸ்கிப்’ என்றால் ஆங்கிலத்தில் முதற்பொருள் துள்ளுதல், தாவுதல். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போவது அதிலிருந்து கிளைத்த பொருள். அதில் கோபமோ வெறுப்போ இல்லை. அதனால் இளைஞர்கள் தங்களுக்குள் “ரிசப்ஷனை ஸ்கிப் பண்ணிடலாம்” என்று பேசிக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை. பெரியவர்களிடம் அதே சொல்லைச் சொல்லும்போதுதான் சிக்கல். அவர்களும் கைப்பேசி பார்க்கிறவர்கள். வீடியோவில் விளம்பரம் குறுக்கிட்டால் அழுத்துகிற பொத்தானின் பெயராகத்தான் அந்தச் சொல் அவர்களுக்குப் பழக்கம். ஒரு குடும்ப நிகழ்ச்சிக்கு அதே சொல்லைக் கேட்டால், தொல்லை என்று தள்ளிவிட்டதாகவே படும். ஆகவே தமிழ்ச் சொல் தேடியது சரிதான். தேடிப் பிடித்த சொல்தான் தவறு.

புறக்கணி என்பது புறம் + கணி. புறம் என்றால் வெளி. முதுகு என்றும் பொருள் உண்டு. ஒன்றைப் புறத்தே வைத்து எண்ணுவது, பொருட்டாக மதிக்காமல் முதுகு காட்டுவது என்பது இதன் அடிப்படை. அலட்சியம் இந்தச் சொல்லுக்கு உள்ளேயே இருக்கிறது, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது இல்லை. “பிள்ளைகள் அவரைப் புறக்கணித்துவிட்டார்கள்” என்ற வாக்கியத்தில், வயதான ஒருவர் கவனிப்பாரின்றிக் கிடப்பது விளக்கம் இல்லாமலே புரிகிறது.

அதோடு நிற்கவில்லை. ‘பாய்காட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணையாகவும் புறக்கணிப்பு நிலைத்துவிட்டது. அந்தச் சொல்லின் கதையைத் தெரிந்துகொண்டால், அதைக் குடும்பச் செய்திக்குள் கொண்டுவர யாருக்கும் கை வராது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் சார்லஸ் பாய்காட் என்பவர் ஒரு நிலப்பிரபுவின் முகவராக இருந்தார். 1880இல் குத்தகை விவசாயிகளின் போராட்டம் சூடுபிடித்தபோது, சுற்றுவட்டாரமே அவரை ஒதுக்கி வைத்தது. வேலையாட்கள் விலகினார்கள், கடைக்காரர்கள் பொருள் கொடுக்க மறுத்தார்கள். அவர் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. தமிழில் இதற்கு முதலில் பகிஷ்காரம் என்றுதான் எழுதினார்கள். 1928இல் சைமன் கமிஷன் வந்த காலத்தில் வழங்கிய சொல் அது. ‘பகிஸ்’ என்ற வடசொல்லுக்கும் வெளி, புறம் என்றுதான் பொருள். வடமொழியை விலக்க விரும்பியவர்கள் புறக்கணிப்பு என்பதை அந்த இடத்தில் வைத்தார்கள். அரசியலுக்கு அது மிகப் பொருத்தம். தேர்தல் புறக்கணிப்பு, கூட்டத்தொடர் புறக்கணிப்பு என்று சொல்லும்போது எதிர்ப்பு இருக்கிறது, எதிராளி இருக்கிறார், அவரை இறங்கிவரச் செய்ய வேண்டும் என்ற நோக்கமும் இருக்கிறது.

இப்போது மேலே உள்ள செய்தியை ஒரு பெரியப்பாவின் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். வரவேற்பைப் புறக்கணிக்கிறார்கள் என்றால், அதை நடத்த நினைத்தவர் யார்? அவர்தான். எதிராளி யார்? அவரேதான். பணம் போதவில்லை என்று சொல்ல வந்த பிள்ளைகள், தங்களை அறியாமல் ஒரு போராட்ட அறிவிப்பை அனுப்பியிருக்கிறார்கள்.

‘புறக்கணி என்பது நல்ல தூய தமிழ்ச் சொல்தானே, பொருள் காலப்போக்கில் மாறிக்கொள்ளும்’ என்று சிலர் வாதிடுகிறார்கள். தூய்மை வேண்டும் என்பவர்களின் பக்கம்தான் நானும். ஆனால் தூய தமிழ் என்ற தகுதி ஒன்றை மட்டும் வைத்து ஒரு சொல்லை எங்கு வேண்டுமானாலும் உட்கார வைக்க முடியாது. சொல் எந்த இடத்தில் பழகியதோ அந்த இடத்தின் வாடையோடுதான் வரும். வேறு சிலர் ‘விலக்குகிறோம்’ என்கிறார்கள். அது இன்னும் மோசம். ஊர்விலக்கு, விலக்கி வைத்தல் என்று ஆட்களை ஒதுக்குவதற்கே பழகிய சொல் அது. சடங்கு பற்றிய பேச்சில் அதை வைத்தால் தீட்டு என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். ‘கைவிடுகிறோம்’ என்றால், காப்பாற்ற வேண்டியதை நட்டாற்றில் விட்டதுபோல் ஆகிவிடும்.

‘ரத்து’ வேறு வகை. அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். மறுத்தல், திருப்புதல் என்பது அதன் மூலப்பொருள். ஏற்கனவே உறுதியான ஒன்றைச் செல்லாததாக்கும்போதுதான் அது பொருந்தும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, அழைப்பிதழும் போய்விட்டது என்றால் ரத்து என்று எழுதுவதுதான் நேர்மை. இன்னும் பேச்சளவில் இருக்கிற நிகழ்ச்சிக்கு ரத்து என்று எழுதினால், என்ன நடந்தது, ஏதாவது சண்டையா என்று விசாரித்துத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும்.

சரியான சொல் தவிர்த்தல். தவிர் என்பதற்குப் பழைய பொருள் ஓய்தல், நிற்றல். புறநானூற்றின் 3ஆம் பாட்டில் பாண்டியர் குடியைத் ‘தவிரா ஈகைக் கவுரியர்’ என்று சொல்வது, ஓயாமல் கொடுக்கிறவர்கள் என்ற பொருளில். அந்த ஓய்தலிலிருந்து, ஒன்றைச் செய்யாமல் நிற்பது என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தோம். இதில் அவமதிப்பு இல்லை, எதிராளியும் இல்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இதே சொல்லிலிருந்துதான் அன்றாடம் புழங்கும் ‘தவிர’ வருகிறது. “அதைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது” என்கிறோம். ஒன்று மட்டும் இல்லை, மீதி அப்படியே இருக்கிறது என்ற செய்தி அந்தச் சொல்லின் மடியிலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியதும் அதுதான். ஒரு சடங்கு வேண்டாம் என்று கேட்டவுடன் அடுத்து எதை வேண்டாம் என்பார்களோ, கடைசியில் நம்மையும் வேண்டாம் என்பார்களோ என்ற கலக்கம்தான் அவர்களுக்கு வருகிறது. ‘வரவேற்பை மட்டும் தவிர்த்துவிடலாம்’ என்பதில் அந்தக் கலக்கத்துக்குப் பதில் உண்டு. ‘மட்டும்’ என்பதை விட்டுவிடக் கூடாது. எதைத் தவிர்க்கிறோம் என்று பெயர் சொல்லாமலும் எழுதக் கூடாது. “அவன் என்னைத் தவிர்க்கிறான்” என்று ஆட்களுக்கும் இந்தச் சொல் போகும் என்பதால், செயப்படுபொருள் இல்லாத ‘தவிர்க்கிறோம்’ தப்பாகப் புரிந்துகொள்ள இடம் கொடுத்துவிடும்.

சொல் சரியானாலும் வாக்கியம் மொழிபெயர்ப்பாக இருந்தால் பயன் இல்லை. ‘தவிர்க்க விரும்புகிறோம்’ என்பது அலுவலகக் கடிதத்தின் நடை. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘தவிர்த்துவிடலாம் என்று நினைக்கிறோம்’ என்பதுதான் நம் பேச்சு. ‘புரிதலுக்கு நன்றி’ என்பதை நான் அறவே ஏற்க மாட்டேன். எதிரில் இருப்பவர் இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்குள் அவர் ஒப்புக்கொண்டதாக வைத்து நன்றி சொல்லி, கதவைச் சாத்துகிறது அது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிவிப்புகளை ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்தவர்கள் கொண்டுவந்த தொடர், இப்போது உறவுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ‘வீண் செலவு’ என்பதும் வேண்டாம். தங்கள் பிள்ளைகளுக்கு அதே செலவைச் செய்தவர்களிடம், நீங்கள் வீணடித்தீர்கள் என்று சொல்வதாகிவிடும். ‘எங்களால் தாங்க முடியாத செலவு’ என்றால் குறை நம் கையிருப்பில் நிற்கும், அவர்கள் செய்ததில் ஏறாது.

அப்புறம் நாங்கள், நாம் என்ற வேறுபாடு. ஆங்கிலத்தில் இல்லாத வசதி இது, ஆங்கிலத்தில் யோசித்து எழுதுகிறவர்கள் பயன்படுத்தத் தவறுவதும் இதைத்தான். முடிவு இருவருடையது என்றால் ‘நாங்கள்’ என்றுதான் எழுத வேண்டும். கலந்துபேசாத முடிவுக்கு ‘நாம்’ என்று போட்டால், தாங்கள் எப்போது ஒப்புக்கொண்டோம் என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஆனால் இனி செய்யப் போகிற காரியங்களில் ‘நாம்’ வந்தே ஆக வேண்டும். முழுக்க ‘நாங்கள், நாங்கள்’ என்று போகும் செய்தி, படிப்பவரை வெளியே நிறுத்திவிடும். சொல்லளவில் புறக்கணிப்பை நீக்கிவிட்டு இலக்கணத்தில் அதையே செய்வதுபோல.

அந்த ஜோடியின் செய்தியை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“பெரியப்பா, பெரியம்மா, வணக்கம். கல்யாணத்துக்கு அப்புறம் வைக்கும் வரவேற்பை மட்டும் தவிர்த்துவிடலாம் என்று நாங்கள் இருவரும் நினைக்கிறோம். அதைக் கடன் வாங்கித்தான் செய்ய வேண்டியிருக்கும். கடனோடு குடும்பத்தைத் தொடங்க எங்களுக்கு மனம் வரவில்லை. கல்யாணம் பேசியபடி நடக்கும், நீங்கள்தான் முன்னால் நின்று நடத்தித் தர வேண்டும். வரவேற்புக்குக் கூப்பிட நினைத்தவர்களில் யார் யாரை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், நாம் சேர்ந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறோம், உட்கார்ந்து பேசுவோம்.”

இதில் ‘நாங்கள்’ முடிவோடும் காரணத்தோடும் நிற்கிறது. ‘நாம்’ நேரில் போகும் இடத்தில் வருகிறது. ‘நினைக்கிறோம்’ என்பது பேச இடம் விடுகிறது, கடைசி வரி அந்தப் பேச்சுக்கு நாள் குறிக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லாத அளவுக்கு முடிவு உறுதியாகிவிட்டது என்றால், ‘நினைக்கிறோம்’ என்பதை எடுத்துவிட்டு ‘முடிவு செய்திருக்கிறோம்’ என்று எழுதிவிட வேண்டும். ஆலோசனை கேட்பதுபோல் எழுதிவிட்டு அறிவிப்பாக நடந்துகொள்வதைப் பெரியவர்கள் எளிதில் மன்னிப்பதில்லை.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சங்கடத்துக்கு அஞ்சி ‘இப்போதைக்குத் தள்ளிவைக்கிறோம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. தள்ளிவைத்தல் என்றால் வேறொரு நாளில் கட்டாயம் நடக்கும் என்று பொருள். நடத்துகிற எண்ணமே இல்லாதபோது அப்படி எழுதினால், பார்க்கும் இடத்திலெல்லாம் எப்போது வைக்கப் போகிறீர்கள் என்ற கேள்வி வரும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சாக்கு தேட வேண்டியிருக்கும். உண்மையிலேயே பணம் சேர்த்துக்கொண்டு செய்யப் போகிறவர்கள் மட்டும் அந்தச் சொல்லை எழுதட்டும், கூடவே எப்போது என்பதையும்.