தன்பங்குக் கவனக்குறைவு: அடிபட்ட பாதசாரி மீதும் பிழை இருந்தால்

சாலை விபத்து வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தவறாமல் எடுத்துவைக்கும் வாதம் ஒன்று உண்டு: "ஓட்டுநர் மீது பிழை இருக்கலாம், ஆனால் நடந்து வந்தவரும் பார்க்காமல்தான் சாலையில் இறங்கினார்." சட்டத்தில் இதன் பெயர் கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ். இந்த வாதம் எடுபட்டால் இழப்பீடு கால் பங்கோ பாதியோ அதற்கு மேலோ குறையும்.

பெயரின் இரண்டு பாதிகளும் லத்தீனிலிருந்து வந்தவை. 'கான்ட்ரிபுவேரே' என்றால் பலர் தத்தம் பங்கைக் கொண்டுவந்து சேர்ப்பது. 'நெக்லெகெரே' என்றால் எடுக்க வேண்டியதை எடுக்காமல் விடுவது. தனக்கு நேர்ந்த கேட்டில் தன் கவனக்குறைவும் ஒரு பங்காகச் சேர்ந்திருப்பதே இதன் பொருள்.

செய்தித்தாள்கள் இதைப் 'பங்களிப்பு அலட்சியம்' என்று எழுதுகின்றன. பங்களிப்பு என்பது தமிழில் பாராட்டுக்குரிய செயலைக் குறிக்கும் சொல் என்பதால் அது இங்கே ஒட்டவில்லை. அலட்சியம் என்ற சொல்லிலும் சிக்கல் இருக்கிறது. அது ஒருவரின் மனப்போக்கைக் குறிக்கிறது, சட்டமோ மனப்போக்கைப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் விவேகமுள்ள ஒருவர் எடுத்திருக்கக்கூடிய கவனத்தை இவர் எடுத்தாரா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. 'கூட்டுக் கவனக்குறைவு' என்று எழுதுவது நேரடியான பிழை, ஏனென்றால் அது வேறொரு கோட்பாட்டுக்குரிய பெயர். இரண்டு வாகனங்கள் மோதிக்கொண்டு, எந்தத் தவறும் செய்யாத ஒரு பாதசாரி நடுவில் சிக்கினால் அது கூட்டுக் கவனக்குறைவு. இந்தியச் சட்டப்படி அந்தப் பாதசாரி இரு தரப்பில் யாரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம், அவருக்கு ஒரு காசும் குறையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நிரபராதியின் இழப்பீட்டில் வெட்டு விழும். 'அவரும் தன் பங்குக்குக் கவனக்குறைவாக இருந்தார்' என்று பேச்சில் சொல்கிறோமே, அதையே சுருக்கி 'தன்பங்குக் கவனக்குறைவு' என்று எழுதினால் யாருடைய பிழை, எவ்வளவு என்ற இரண்டும் சொல்லிலேயே இருக்கும்.

தொடக்கத்தில் இந்தக் கோட்பாட்டில் பங்கு பிரிக்கும் பேச்சே இல்லை. 1809இல் இங்கிலாந்தின் டார்பி நகரில் வீட்டுப் பழுது பார்த்த ஒருவர் சாலையின் குறுக்கே கழி ஒன்றை வைத்திருந்தார். அந்திப்பொழுதில் குதிரையை வேகமாக ஓட்டிவந்த ஒருவர் அதில் மோதி விழுந்தார். கழி 100 கஜத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியக்கூடியதாக இருந்தது. நீதிபதி எலன்பரோ பிரபு கழி வைத்தவரின் தவறை மறுக்கவில்லை. ஆனால் விழுந்தவர் சாதாரணக் கவனம்கூட எடுக்கவில்லை என்பதால் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அன்றுமுதல் தன் பிழை சிறிதளவு இருந்தாலும் இழப்பீடு முழுவதும் போயிற்று. இதன் கொடுமையைத் தணிக்க, விபத்தைத் தவிர்க்கும் கடைசி வாய்ப்பு யாரிடம் இருந்ததோ அவரே முழுப் பொறுப்பு என்ற விதியை நீதிமன்றங்கள் 1842இல் கொண்டுவந்தன. அதிலும் ஒருவருக்கு எல்லாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை என்ற நிலைதான். 1945இல் வந்த சட்டத்துக்குப் பிறகே இங்கிலாந்தில் நீதிமன்றங்கள் பொறுப்புக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கத் தொடங்கின. இந்தியாவில் நாடு முழுமைக்கும் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயங்கள் இதே முறையில்தான் சதவீதம் பிரிக்கின்றன.

அமெரிக்கத் தீர்ப்புகளைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே இந்தப் பெயர் இன்னும் பழைய, முழுவதையும் இழக்கும் விதியையே குறிக்கிறது. சதவீதம் பிரிக்கும் முறைக்கு அங்கே 'ஒப்பீட்டுக் கவனக்குறைவு' என்று பெயர். அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் பழைய விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. வாஷிங்டன் நகரமும் அதையே பின்பற்றிவந்தது. 2016இல்தான் பாதசாரிகளுக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் அங்கே விலக்களிக்கப்பட்டது.

சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடிபட்டவருக்கு முக்கியமான கேள்வி. முதலில், பாதசாரி கவனக்குறைவாக இருந்தார் என்பதை மெய்ப்பிக்க வேண்டியது ஓட்டுநர் தரப்பு. அடுத்து, அந்தக் கவனக்குறைவு காயத்துக்குக் காரணமாகவும் இருந்திருக்க வேண்டும். குடித்திருந்தார் என்பது மட்டும் போதாது. குடித்திருந்தும் பச்சை விளக்கில் கோட்டுக்குள் நேராகக் கடந்தவரை ஒரு கார் இடித்தால், குடித்திருந்ததற்கும் விபத்துக்கும் தொடர்பில்லை, குறைப்பும் இல்லை. இந்த இரண்டும் நிறுவப்பட்ட பிறகே பங்கு பிரிப்பார்கள். அப்போது இரண்டு அளவைகளைப் பார்ப்பார்கள்: யாருடைய நடத்தை எவ்வளவு குற்றத்துக்குரியது, யாருடைய செயல் விளைவை எவ்வளவு வலுவாக உண்டாக்கியது. கார் ஒருவரைக் கொல்ல வல்லது, நடப்பவரால் காருக்கு ஒரு பள்ளம்தான் விழும். ஆகவே ஓட்டுநரிடம் எதிர்பார்க்கப்படும் கவனம் கூடுதல். பாதசாரி திடீரென்று வாகனத்தின் முன்னே பாய்ந்தாலொழிய அவர் பங்கு பாதியைத் தாண்டுவது அரிது என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் சொன்னது இதனால்தான்.

அந்தத் 'திடீரென்று' என்ற சொல்லைக் கணக்குப் போட்டுத்தான் சோதிக்க முடியும். காவல்துறைக் குறிப்பில் 'பாதசாரி திடீரெனக் குறுக்கே வந்தார்' என்ற ஒற்றை வரி இருந்தால் பலர் அதோடு தளர்ந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடமும் 3.5 மீட்டர் அகலமுள்ள சாலையில், இரண்டாவது தடத்தின் நடுவில் ஒருவர் அடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து அவர் 5.25 மீட்டர் நடந்திருக்கிறார். சராசரி நடைவேகம் வினாடிக்கு 1.4 மீட்டர் என்றால் அவர் சாலையில் இருந்தது 3.75 வினாடி. கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்திருந்தால் அது வினாடிக்கு 13.9 மீட்டர் ஓடும். அப்படியானால் அவர் சாலையில் கால் வைத்தபோது கார் 52 மீட்டர் தள்ளி இருந்திருக்கிறது. அந்த வேகத்தில், உலர்ந்த சாலையில், ஓட்டுநர் சுதாரிக்க ஒன்றரை வினாடியும் சேர்த்துக் காரை நிறுத்த ஏறக்குறைய 35 மீட்டர் போதும். பார்வையை எதுவும் மறைக்காதிருந்தால், முன்னால் பார்த்து ஓட்டியவர் நின்றிருக்கலாம். எனவே இது 'திடீர்' அல்ல, பாதசாரியின் பங்கு சிறிதாகவே இருக்கும். அதே நபர் நின்றிருந்த பேருந்தின் பின்னாலிருந்து ஒரு மீட்டர் மட்டும் வெளிவந்து அடிபட்டிருந்தால் முக்கால் வினாடிகூட ஆகியிருக்காது. அதற்குள் கார் 10 மீட்டர் ஓடிவிடும், ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள் மோதல் முடிந்திருக்கும். இங்கே பாதசாரியின் பங்கு பெரிதாகும்.

ஆகவே மோதிய இடம் ஓரத்திலிருந்து எத்தனை மீட்டர், காரின் எந்த மூலையில் நசுங்கல், பிரேக் தடம் எவ்வளவு நீளம், தெருவிளக்கு எரிந்ததா, பார்வையை மறைத்தது எது என்பவற்றை உடனே அளந்து படமெடுத்து வைக்க வேண்டும். பிரேக் தடம் ஒரு மழையில் போய்விடும். வலப்பக்கத்திலிருந்து கடந்தவர் காரின் இடது மூலையில் அடிபட்டிருந்தால் அவர் காரின் அகலத்தையே ஏறக்குறைய கடந்துவிட்டார் என்று பொருள். அந்த ஒரு நசுங்கல் பல சாட்சிகளைவிடக் கனமானது.

ஒரே நிகழ்வை மூன்று நீதிமன்றங்கள் மூன்று விதமாக எடைபோட்ட வழக்கொன்று இந்தப் பங்கீட்டை நன்றாகக் காட்டும். 2004 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறச் சாலை ஒன்றில், வெளிச்சம் மங்கிய நேரத்தில், பள்ளிச் சிற்றுந்திலிருந்து 13 வயதுச் சிறுமி இறங்கினாள். வண்டியின் எச்சரிக்கை விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அவள் அதன் பின்புறமாக வந்து சாலையைக் கடக்க ஓடினாள். எதிரே வந்த கார் மணிக்கு 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தது. அங்கே அனுமதி 60 மைல், எனவே வேக வரம்பு மீறப்படவில்லை. ஆனாலும் நின்றிருக்கும் பள்ளி வண்டியைப் பார்த்தும் வேகத்தைக் குறைக்காதது ஓட்டுநரின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. முதல் நீதிபதி சிறுமியின் பங்கை 90 சதவீதமாக வைத்தார். மேல்முறையீட்டில் அது 70 ஆனது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015 பிப்ரவரியில் 50 ஆக்கியது. அங்கும் ஐந்து நீதிபதிகளில் மூவர்தான் அப்படிச் சொன்னார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ரீட் பிரபு இருவர் நடத்தையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவளுக்கு 13 வயது. மங்கிய வெளிச்சத்தில் வரும் காரின் வேகத்தை மதிப்பிடுவது எளிதல்ல. ஓட்டுநரோ பிள்ளைகள் குறுக்கே வரலாம் என்று எண்ணியிருக்க வேண்டியவர். இரண்டு பிழைகளும் சமம் என்பதே அவர் கண்ட முடிவு.

குறைப்பின் சதவீதம் ஏறும்போது கைக்கு வரும் தொகை எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறது என்பதை இதில் பார்க்கலாம். மொத்த இழப்பு 20 லட்சம் என்று வைத்தால், 90 சதவீதக் குறைப்பில் 2 லட்சம், 70இல் 6 லட்சம், 50இல் 10 லட்சம். மேல்முறையீட்டில் கிடைத்த ஒவ்வொரு படியும் 4 லட்சம்.

கணக்கிலும் ஓர் இடறல் உண்டு. முதலில் மருத்துவம், வருமான இழப்பு, வலி, எதிர்காலப் பராமரிப்பு என எல்லாவற்றையும் கூட்டி முழுத் தொகையைக் காண வேண்டும். அதன் மேல் சதவீதத்தை ஒரே தடவை கழிக்க வேண்டும். ஏற்கெனவே கைக்கு வந்த இடைக்காலத் தொகையைக் கடைசியில்தான் கழிக்க வேண்டும். 20 லட்சத்தில் 25 சதவீதம் போனால் 15, அதில் முன்பே வாங்கிய 3 லட்சம் போனால் மீதி 12. பாதசாரியின் பிழையை மனத்தில் வைத்து வலிக்கான தொகையை முன்கூட்டியே குறைத்துப் போட்டுவிட்டு, பிறகு மொத்தத்திலும் சதவீதம் கழித்தால், ஒரே பிழைக்கு இரண்டு தடவை வெட்டு விழுகிறது. தீர்ப்பில் ஒவ்வொரு தலைப்பின் தொகையும் எப்படி வந்தது என்று படித்துப் பார்த்தால் இது தெரியும், மேல்முறையீட்டுக்கு நல்ல காரணமும் ஆகும். பாதசாரி இறந்துபோய்க் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தாலும் இதே சதவீதம் அவர்கள் பெறும் தொகையிலிருந்து கழியும். சம்பவ இடத்தில் அவர்கள் இல்லை, அவர்கள் மீது பிழையும் இல்லை. ஆனாலும் இறந்தவரின் பங்கு அவர்களின் உரிமையோடு சேர்ந்தே வருகிறது.