முள் குத்துகிறதா, கீறல் வலிக்கிறதா?

தொண்டையில் மீன் முள் மாட்டிக்கொண்டது என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் வைத்தியம் சொல்லிவிடுவார். "பெரிய கவளமா எடுத்து மெல்லாம அப்படியே முழுங்கு." சோறோ, ரொட்டியோ, வாழைப்பழமோ, ஆளுக்கு ஒன்று. என் மைத்துனரும் அதைத்தான் செய்தார். இரவு எட்டரை மணிக்கு முள் குத்தியது, ஒன்பதுக்குள் இரண்டு வாழைப்பழம் உள்ளே போனது, பத்து மணிக்கு முன்னைவிடக் கூர்மையாகக் குத்துகிறது என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கவளம் உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தால் இது ஏன் என்று புரியும். மீன் முள் பெரும்பாலும் ஆழத்தில் மாட்டுவதில்லை. வாயின் பின்பக்கம் இருபுறமும் இருக்கும் டான்சில், நாக்கின் அடிப்பகுதி, அதற்கும் குரல்வளை மூடிக்கும் நடுவில் இருக்கும் சிறு பள்ளம், இவைதான் வழக்கமான இடங்கள். டான்சில் வழவழப்பான சதை இல்லை, அதில் குழிகுழியாக இருக்கும், முள்ளின் நுனி அதில் ஊசி மாதிரி இறங்கிவிடும். இப்போது மேலிருந்து ஒரு கவளம் அழுத்திக்கொண்டு வருகிறது. முள் படுக்கையாக லேசாக ஒட்டியிருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும், அப்படிப் போனவர்கள்தான் "எனக்குச் சரியாச்சே" என்று சொல்கிறார்கள். ஆனால் குத்தி நிற்கிற முள் இன்னும் ஆழமாக இறங்கும், அல்லது பிடுங்கிக்கொண்டு கீழே போய் உணவுக்குழாயின் வாசலில் இருக்கும் தசை வளையத்தில் குறுக்கே நிற்கும். மேலே இருந்தவரை மருத்துவர் இடுக்கியால் எடுத்துவிடக்கூடிய முள், கீழே போனபின் மயக்க மருந்தும் எண்டோஸ்கோப்பும் கேட்கும். மயக்க மருந்து என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும், திட உணவுக்குப் பொதுவாக ஆறு மணி நேரம். அந்த இரண்டு வாழைப்பழம் இங்கேயும் குறுக்கே நிற்கும்.

வினிகர், எலுமிச்சைச் சாறு குடித்தால் முள் இளகிவிடும் என்பதும் பலரும் சொல்வது. முள்ளில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை அமிலம் கரைக்கும் என்பது உண்மைதான், ஒரு எலும்பை வினிகரில் போட்டு வைத்தால் வளைகிற அளவுக்கு இளகும். ஆனால் அதை நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். தொண்டையில் வினிகர் ஒரு முள்ளைத் தொட்டுக்கொண்டு போவது சில நொடிகள். முள்ளுக்கு ஒன்றும் ஆகாது, ஏற்கெனவே கீறிய சதைதான் எரியும்.

சரி, உள்ளே முள் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முள் போகும் வழியில் லேசாகக் கீறிவிட்டு வயிற்றுக்குப் போயிருக்கும், ஆனால் அந்தக் கீறல், உள்ளே ஏதோ நிற்கிற மாதிரியே ஒரு நாள், இரண்டு நாள் உறுத்திக்கொண்டிருக்கும். முள் சிக்கியது என்று மருத்துவரிடம் போகிற பலருக்குத் தேடிப் பார்த்தால் முள்ளே இருக்காது. கீறலின் வலி மந்தமாக, எச்சில் விழுங்காதபோதும் இருந்துகொண்டே, மணிக்கு மணி குறையும். நிஜ முள் அப்படி இல்லை, ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அதே புள்ளியில் சுருக்கென்று குத்தும், நேரம் போனாலும் குறையாது. இடமும் கொஞ்சம் துப்பு கொடுக்கும். ஒரு விரலை வைத்து "இங்கே, இடது பக்கம், தாடைக்குக் கீழே" என்று காட்ட முடிந்தால் முள் பெரும்பாலும் மேலேதான், அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். கழுத்தின் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும் குரல்வளைக்கும் கீழே, பக்கம் சொல்ல முடியாமல் பொதுவாக வலித்தால் உணவுக்குழாயைச் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். முதலில் சாப்பிடுவதை நிறுத்த வேண்டும். நாலைந்து தடவை நன்றாக இருமிப் பார்க்கலாம், ஒன்றிரண்டு வாய் தண்ணீர் குடிக்கலாம். அப்புறம் நல்ல டார்ச் வெளிச்சத்தில் வாயைத் திறந்து, இன்னொருவர் ஒரு ஸ்பூனின் கைப்பிடியால் நாக்கை அழுத்திக்கொள்ள, "ஆ..." என்று சொல்லச் சொல்லி டான்சிலைப் பார்க்க வேண்டும். எச்சில் இழையும் முள் மாதிரியே மின்னும், ஏமாந்துவிடக் கூடாது, இழை என்றால் விழுங்கினால் இடம் மாறும், முள் மாறாது. முள்ளின் முனை தெளிவாகத் தெரிந்து, ஆளும் அசையாமல் உட்கார்ந்தால், பெரியவர்களுக்கு இடுக்கியால் பிடித்து நேராக இழுக்கலாம். தெரியவில்லை என்றால் விரலை விட்டுத் துழாவக் கூடாது, அது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆணியைத் தள்ளுகிற வேலை. வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. குழந்தைகளிடம் இந்த இடுக்கி வேலையே வேண்டாம்.

மறுநாளும் அதே இடத்தில் குத்தினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுவது நல்லது. எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிகிறது, ரத்தம் வருகிறது, கழுத்து வீங்குகிறது, நெஞ்சிலோ முதுகிலோ வலி, காய்ச்சல், இதில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும். உணவுக்குழாயின் சுவர் மெல்லியது, முள் அதைத் துளைத்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் சீழ் பிடிக்கும். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியாகத் திரும்புவதும் சரியில்லை, பல மீன்களின் முள் எக்ஸ்ரேயில் தெரியாது. வாய்வழியாகவோ மூக்குவழியாகவோ கேமரா விட்டுப் பார்த்தும் கிடைக்காமல் சந்தேகம் தீராவிட்டால் சி.டி. ஸ்கேன்தான்.

முள் இல்லாமல் ஒரு இறைச்சித் துண்டு நெஞ்சில் நின்றுவிட்டால் அது வேறு கதை. தண்ணீரும் எச்சிலும் இறங்காமல் திரும்பி வந்தால் குழாய் முழுக்க அடைத்திருக்கிறது, சில மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பில் எடுக்க வேண்டும். இது இரண்டாவது தடவை என்றால் உணவுக்குழாயிலேயே ஏதோ சுருக்கமோ அழற்சியோ இருக்கலாம், எடுத்ததோடு விடாமல் காரணத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பேசவும் இருமவும் முடியாமல் ஒருவர் திணறினால் சிக்கியது மூச்சுக்குழாயில், அங்கே டார்ச் தேட நேரம் இல்லை. ஆளை முன்னால் குனியவைத்து இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து பலமான அடி, வெளியே வராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து பலமான அழுத்து, இப்படியே மாற்றி மாற்றி, இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றில் அழுத்தக் கூடாது, நெஞ்செலும்பின் மேல்தான் அழுத்த வேண்டும். நன்றாக இருமுகிறவரை அடிக்காமல் இருமவே விட வேண்டும், அந்த இருமலைவிடப் பலமான வைத்தியம் நம்மிடம் இல்லை.

மைத்துனரைக் காலையில் கூட்டிக்கொண்டு போனோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" மரத்துப்போகும் ஸ்பிரே அடித்துவிட்டு, நாக்கை ஒரு துணியால் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு, இடது டான்சிலின் அடியில் வளைந்த இடுக்கியை விட்டார். நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது என்றார், மீதி சதைக்குள். வெளியே வந்தது விரல்நகத்தின் நீளத்தில் மயிரிழை மாதிரி ஒரு முள். வீட்டுக்கு வந்த மைத்துனர் மதியம் மறுபடி கழுத்தைத் தடவினார். "மச்சான், இன்னொண்ணு இருக்கு போல." சுருக்கென்று குத்துகிறதா, சும்மா உறுத்துகிறதா என்று கேட்டேன். உறுத்துகிறது என்றார். அடுத்த நாள் சாயங்காலம் அதுவும் இல்லை.