நாலு பேர் டீமில் ஆன்-கால் முறை

சிஸ்டத்தில் கோளாறு என்று அலர்ட் வந்தால் இரவானாலும் எழுந்து பார்ப்பதுதான் ஆன்-கால் பொறுப்பு. நாலு பேர், ஆளுக்கு ஒரு வாரம், புதன்கிழமை கைமாற்றம். அட்டவணை பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாதக் கடைசி இரவில் பில்லிங் ஓடும் சிஸ்டம் என்றால் கணக்கு இடிக்கும்.

2025 ஜனவரி 1 புதன்கிழமை. அன்று முதலாமவரில் தொடங்கி எண்ணிப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதக் கடைசியும் அவர் தலையில்தான் விழும். அடுத்த மூன்று மாதம் இரண்டாமவருக்கு, அதற்கடுத்த மூன்று மூன்றாமவருக்கு. டிசம்பர் மறுபடி முதலாமவரிடமே வந்து சேரும். ஆக அவருக்கு நாலு, நாலாமவருக்கு இரண்டே இரண்டு. சுற்று 28 நாள், மாதம் பெரும்பாலும் 30, 31 நாள்; மாதக் கடைசி தடவைக்கு இரண்டு மூன்று நாள்தான் நகர்கிறது, ஒருவர் வாரத்தைத் தாண்டவே மூன்று மாதம் பிடிக்கிறது. எனவே அந்த ஓர் இரவை வார முறையிலிருந்து பிரித்து, மாதம் ஒருவர் என்று தனிப் பட்டியல் போடுங்கள்.

வாரத்தை மாற்றிக்கொள்வதிலும் இதே கணக்குதான். தீபாவளி வாரத்துக்குச் சாதாரண வாரம் ஈடாகாது. பண்டிகைக்குப் பண்டிகை என்றே மாற்ற வேண்டும். "நான் பாத்துக்கறேன்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னால் போதாது. அட்டவணையில் பெயர் மாறாதவரை அலர்ட் பழைய ஆளின் போனுக்குத்தான் அடிக்கும், அவர் கல்யாண மண்டபத்தில் இருந்தாலும். பெயர் மாறும்வரை பொறுப்பும் அவருடையதே என்று விதி இருந்தால் இருவருமே மறக்க மாட்டார்கள்.

ஹேண்ட்ஓவரைக் காலை 11 மணிக்கு வையுங்கள், கால் மணி நேரம் போதும். திறந்திருக்கும் டிக்கெட்டுகளை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். விட்டுப்போவது வாய் மூடிவைத்த அலர்ட்டுகள். டிஸ்க் 85 சதவீதம் ஆனதும் வந்த அலர்ட்டை ஒருவர் முடிவு நேரம் குறிக்காமல் மூடிவிடுவார். புது ஆளுக்கு அது தெரியாது. சனிக்கிழமை விடியற்காலை டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றபிறகுதான் தெரியும். மூடிய அலர்ட்டுகளின் பட்டியலைத் திரையில் திறந்து, ஒவ்வொன்றுக்கும் முடிவு நேரம் கேளுங்கள். கடைசியாகப் புது ஆளின் போனுக்கு ஒரு சோதனை அலர்ட் அனுப்புங்கள். சைலன்ட் மோடில் போன் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இரவு விழித்தவருக்கு ஓய்வு அன்றைக்கே வேண்டும். காம்ப் ஆஃபாகச் சேர்த்துவைத்தால் அது ஊருக்குப் போகும் லீவாகிவிடும், தூக்கம் ஈடாகாது. நள்ளிரவுக்கும் 5 மணிக்கும் இடையே ஒரு மணி நேரம் விழித்திருந்தால் மதியம் 1 மணிக்கு வரட்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் முழு நாள் விடுப்பு. இதை லீட் தானே குறிக்க வேண்டும், ஜூனியர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அந்த நேரத்துக்கு அலர்ட்டும் மாற்று ஆளான செகண்டரிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் தலையணை பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு படுப்பது ஓய்வே இல்லை. முந்தின வாரத்துக்காரரைச் செகண்டரியாகப் போடும் பழக்கம் பல டீம்களில் உண்டு. விவரம் தெரிந்தவர் என்பது சரி, ஆனால் அவரும் களைத்தவர். நாலு பேர் சுற்றில் இரண்டு வாரம் தள்ளி முறை வருபவரே அதற்குப் பொருத்தம்.