"சிங்கப்பூர் டாலர்லயே போட்டுடட்டுமா?": வெளிநாட்டில் அட்டை தேய்க்கும்போது வரும் கேள்வி

போன ஆண்டு தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் சென்னை தியாகராய நகருக்குப் போயிருந்தோம். பில் போடும் இடத்தில் காசாளர் என் கடன்பற்று அட்டையை இயந்திரத்தில் செருகிவிட்டு, "மேடம், சிங்கப்பூர் டாலர்லயே போட்டுடட்டுமா? உங்களுக்கும் கணக்கு ஈஸியா இருக்கும்" என்றார். அம்மா உடனே "சரிப்பா, போட்டுடு" என்று சொல்லிவிட்டார். அவர் அன்பாகத்தான் கேட்டார், அம்மாவும் நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு "சரி"யால் இருபது வெள்ளிக்கு மேல் போனது. அது எப்படிப் போனது, வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில், வழக்கமாக என்ன நடக்கும் என்று பார்ப்போம். ரூபாயில் கட்டினால் கடையின் வங்கி அந்தத் தொகையை ரூபாயாகவே விசா அல்லது மாஸ்டர்கார்டுக்கு அனுப்புகிறது. அவர்கள் அன்றைய தங்கள் விகிதத்தில் அதைச் சிங்கப்பூர் வெள்ளியாக மாற்றுகிறார்கள். அந்த விகிதம் சந்தை விகிதத்தை ஒட்டியே இருக்கும். அதன்மேல் நம் வங்கி வெளிநாட்டு நாணயக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்க்கிறது. சிங்கப்பூரின் பெரிய வங்கிகளில் இது பொதுவாக 3.25 விழுக்காடு. இதில் ஒரு விழுக்காடு அட்டை நிறுவனத்துக்குப் போகிறது, மீதி வங்கிக்கு.

"சிங்கப்பூர் டாலர்லயே" என்று கேட்பது வேறு ஏற்பாடு. இதை டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்பார்கள், சுருக்கமாக டிசிசி. இதில் நாணயத்தை மாற்றுவது விசாவும் இல்லை, நம் வங்கியும் இல்லை. கடையின் வங்கியும், அதற்குச் சேவை தரும் ஒரு நிறுவனமும் அங்கேயே, அந்த நொடியிலேயே மாற்றிவிடுகிறார்கள். விகிதத்தையும் அவர்களே வைக்கிறார்கள், சந்தை விகிதத்தோடு தங்கள் லாபத்தையும் சேர்த்து. அந்த லாபத்தில் கடைக்கும் ஒரு பங்கு போவது உண்டு. காசாளர் அவ்வளவு அக்கறையாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வெள்ளியில் கட்டிவிட்டால் நம் வங்கியின் கட்டணம் இருக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 3.25 விழுக்காடு வராது, உண்மைதான். ஆனால் வெளிநாட்டில் நடக்கும் சிங்கப்பூர் வெள்ளிப் பரிவர்த்தனைக்கு என்று இங்குள்ள வங்கிகள் தனியாக ஒரு கட்டணம் வைத்திருக்கின்றன. அது பெரும்பாலும் ஒரு விழுக்காடு. அதாவது டிசிசியின் லாபத்தையும் கொடுத்து, அதற்குமேல் இந்த ஒரு விழுக்காட்டையும் கொடுக்கிறோம். இந்த இரண்டாவது கட்டணம் கடையின் ரசீதில் இருக்காது. பின்னால் வங்கிக் கணக்கில்தான் தெரியும்.

எங்கள் புடவைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எளிதாக இருக்கட்டும் என்று தொகையைக் கொஞ்சம் முழுமையாக்கிக்கொள்கிறேன். பில் 52,000 ரூபாய், அன்றைய விசா விகிதம் ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வையுங்கள். அப்படியானால் புடவையின் விலை 800 வெள்ளி. ரூபாயில் கட்டியிருந்தால் 3.25 விழுக்காட்டுக்கு 26 வெள்ளி சேர்ந்து 826 ஆகியிருக்கும். டிசிசியில் லாபம் 5 விழுக்காடு என்றால் இயந்திரம் 840 வெள்ளி காட்டும். அதன்மேல் நம் வங்கியின் ஒரு விழுக்காடு, 8 வெள்ளி 40 காசு. மொத்தம் 848.40. அதே புடவைக்கு 22 வெள்ளி 40 காசு அதிகம்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். டிசிசியின் லாபம் ஏறக்குறைய 2.2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் வெள்ளியில் கட்டுவதுதான் மலிவு. ஆகவே டிசிசி எப்போதுமே நட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு குறைந்த லாபத்தோடு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதோடு, வெளிநாட்டுக் கட்டணமே இல்லாத யூட்ரிப் போன்ற அட்டையை எடுத்துச் சென்றிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ரூபாயில் கட்டினால் ஏறக்குறைய 800 வெள்ளியோடு முடிந்திருக்கும். வெள்ளி என்று ஒரு பொத்தானை அழுத்தியதும் அது 840 ஆகிவிடுகிறது. அந்த அட்டையை வாங்கிவைத்ததே வீணாகிறது. வெளிநாட்டுச் செலவுக்குக் கூடுதல் மைல் தரும் கடன்பற்று அட்டையாக இருந்தால் அந்த மைலும் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் வங்கியின் கணக்கில் அது வெள்ளிச் செலவு.

சரி, விதி என்ன சொல்கிறது? விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளிலும் முடிவு அட்டைக்காரருடையது. கடை தானாகவே வெள்ளியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கட்டுவதற்கு முன்பே உள்ளூர் நாணயத்தில் எவ்வளவு, வெள்ளியில் எவ்வளவு, விகிதம் என்ன, எவ்வளவு கூடுதல் சேர்க்கப்படுகிறது என்பதையெல்லாம் காட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்வதற்காக அட்டையை வாங்க மறுக்கவும் கூடாது. ஆகவே "உங்க கார்டு சிங்கப்பூர் கார்டு, அதனால டாலர்லதான் போகும்" என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை. "ரூபாயிலேயே போடுங்க சார்" என்று சொன்னால் போதும், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லும் நேரம்தான் முக்கியம். அட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே, கைபேசியில் தட்டுவதாக இருந்தால் தட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பல கடைகளில் கேள்வி இயந்திரத் திரையில் வரும்போது இயந்திரம் காசாளர் பக்கம் திரும்பியிருக்கும். அவர் பழக்கத்தில் SGD என்பதை அழுத்திவிட்டு நம்மிடம் நீட்டுவார். ரகசிய எண்ணைப் போடுவதற்கு முன் திரையில் எந்த நாணயம் இருக்கிறது என்று பாருங்கள். INR, MYR என்று இருந்தால் சரி. SGD என்று இருந்தால் எண்ணைப் போட வேண்டாம், ரத்துசெய்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள்.

கவனிக்காமல் எண்ணைப் போட்டுவிட்டோம் என்றால்? ரசீதை அங்கேயே படியுங்கள். டிசிசி ரசீதில் இரண்டு தொகைகளும், ஒரு விகிதமும், Mark-up என்று ஒரு விழுக்காடும் இருக்கும். அதற்குக் கீழே, தெரிவு எனக்குத் தரப்பட்டது, வெள்ளியை நானே தேர்ந்தெடுத்தேன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கும். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டாம். பின்னால் வங்கியிடம் முறையிடும்போது அதுதான் நமக்கு எதிரான சாட்சி. காசாளரிடம் சொல்லி அந்தப் பரிவர்த்தனையை VOID செய்து, ரூபாயில் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அன்றைய கணக்கை அவர்கள் முடிப்பதற்கு முன் VOID செய்தால் அது நடக்காதது போல ஆகிவிடும். இரண்டு நாள் கழித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் அது தனிப் பரிவர்த்தனை, அன்றைய விகிதம் வேறாக இருக்கும், கட்டிய தொகை அப்படியே திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அன்றைக்கு எங்களுக்கு இது தெரியாது. கடை மூடும் நேரம் வேறு, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஊருக்கு வந்த பிறகு கணக்கு அறிக்கையைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். சாதாரணமாக ரூபாயில் கட்டியிருந்தால் வெள்ளித் தொகையோடு INR 52,000.00 என்று மூலத் தொகையும் இருக்கும். வெளிநாட்டுக் கடையின் பெயர் இருந்து, வெளிநாட்டுத் தொகை இல்லாமல் வெறும் வெள்ளி மட்டும் இருந்தால் அது டிசிசி என்று சந்தேகப்படலாம். உங்களிடம் கேட்கவே இல்லை, அல்லது ரூபாய் என்று சொல்லியும் வெள்ளியில் போட்டிருக்கிறார்கள் என்றால், ரசீதோடு உங்கள் வங்கியிடம் சர்ச்சைப் புகார் கொடுங்கள். தவறான நாணயம் என்பது விசாவின் சர்ச்சை விதிகளில் தனிப் பிரிவாகவே இருக்கிறது. அதற்குக் கால வரம்பு உண்டு, ஆகவே அறிக்கை வந்த அந்த மாதமே கொடுத்துவிடுங்கள். நீங்களே "சரி" என்று சொல்லி ஒப்புக்கொண்டிருந்தால் புகார் நிற்காது. எங்கள் விஷயத்தில் அம்மா சொன்ன "சரி" அப்படித்தான் முடிந்தது.

ஜோகூர் பாருவில் ஏடிஎம்மில் பணம் எடுப்பவர்களுக்கு இதே கேள்வி வேறு உருவத்தில் வரும். வெள்ளித் தொகையையும் விகிதத்தையும் காட்டிவிட்டு, திரை இரண்டு பொத்தான்களைத் தரும்: Accept Conversion, Decline Conversion. Decline என்றால் பணமே வராது என்று பயந்து பலர் Accept அழுத்திவிடுகிறார்கள். அப்படி இல்லை. வேண்டாம் என்பது அந்த நாணய மாற்றுக்குத்தான். பணம் வழக்கம்போல ரிங்கிட்டில் வரும், மாற்றும் வேலையை அட்டை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த ஏடிஎம் தன் பங்குக்கு ஒரு சேவைக் கட்டணம் கேட்டால் அது தனி. Decline அழுத்தினாலும் அது போகாது. அதையும் திரை முன்கூட்டியே காட்டும், பிடிக்கவில்லை என்றால் அட்டையை எடுத்துக்கொண்டு வேறு ஏடிஎம்முக்குப் போகலாம்.

வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் வாங்கும்போதும் அந்த ஒரு விழுக்காடு வரும் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஹோட்டல் அறை 600 வெள்ளி என்று போட்டிருக்கும், நாமும் 600 வெள்ளியே கட்டுவோம், அறிக்கையில் கூடுதலாக 6 வெள்ளி இருக்கும். விற்பவரின் கணக்கு வெளிநாட்டு வங்கியில் இருப்பதுதான் காரணம். இங்கே புடவைக் கடையில் சொன்னதை அப்படியே பொருத்தக் கூடாது. அந்தத் தளம் தன் விலையையே வெள்ளியில் வைத்திருந்தால் நடுவில் மாற்று லாபம் எதுவும் இல்லை. அப்போது ஒரு விழுக்காட்டோடு முடிந்துவிடும், 3.25 கொடுப்பதைவிட அது நல்லது. விலை வேறு நாணயத்தில் இருந்து, கட்டும் கடைசிப் பக்கத்தில் மட்டும் "வெள்ளியில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் அது டிசிசிதான். அப்போது அந்த வெள்ளித் தொகையை விசா அல்லது மாஸ்டர்கார்டின் இணையப் பக்கத்தில் உள்ள நாணயக் கணிப்பானில் போட்டுப் பார்த்து, வித்தியாசம் ஏறக்குறைய 2.2 விழுக்காட்டைத் தாண்டினால் மூல நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கட்டணமில்லாத அட்டை என்றால் அந்தக் கணக்குகூட வேண்டாம், நேரே மூல நாணயம்தான்.