தீப்பிடித்தால் லிஃப்ட் ஏன் கூடாது? ஃபயர் லிஃப்ட் எதில் வேறு?

பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரம் பக்கமும் எழும்பியிருக்கும் ஃபிளாட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே கார் நிறுத்துமிடம், அதற்கு மேல் ஐந்து மாடி. இரண்டாம் மாடியில் ஒரு வீட்டு ஏசியில் தீப்பிடிக்கிறது. ஐந்தாம் மாடியில் இருப்பவர்கள் புகை வாடையை உணர்ந்து லிஃப்டில் ஏறிவிட்டார்கள். அதே நேரம் கீழே வாட்ச்மேன் மெயின் சுவிட்சை இறக்குகிறார். அவர் செய்தது சரிதான். கரண்ட் ஓடும் இடத்தில் தண்ணீர் அடிக்க முடியாது. ஆனால் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே நின்றுபோகும்.

இப்போதைய லிஃப்டுகளில் ஏஆர்டி என்ற பேட்டரிக் கருவி இருக்கும். கரண்ட் போனால் லிஃப்டை மெல்ல நகர்த்திப் பக்கத்து மாடியில் நிறுத்திக் கதவைத் திறந்துவிடும். சாதாரண நாளில் நல்ல வசதி. தீ எந்த மாடியில் இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. நாம் சொல்லும் நேரத்தில் அது போய்த் திறப்பது, தீ எரியும் அந்த இரண்டாம் மாடியிலேயே இருக்கலாம். திறந்த பிறகு அந்தப் பேட்டரி திரும்ப மேலே ஏற்றிவிடாது. கரண்ட் இருந்தாலும் சிக்கல்தான்: கதவு விளிம்பில் உள்ள அகச்சிவப்பு சென்சார், அடர்ந்த புகையை ஆள் நிற்பதாக நினைத்துக் கதவை மூடவிடாது. திறந்த கதவு வழியே லிஃப்ட் குழிக்குள் புகுந்த புகை, புகைக்கூண்டில் ஏறுவதுபோல மேல்மாடிகளுக்கு ஏறும். அதனால்தான் படிக்கட்டு. படியில் புகை நிறைந்து இறங்க முடியாவிட்டால் வீட்டுக்குள் திரும்பிக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணியைச் செருகி, 101 அல்லது 112-க்கு அழைத்து வீட்டு எண்ணையும் மாடியையும் சொல்லிவிட்டு, பால்கனியில் ஆள் தெரியும்படி நிற்க வேண்டும்.

பிறகு தீயணைப்பு வீரர்கள் மட்டும் எப்படி லிஃப்டில் போகிறார்கள்? 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, பொதுவாக 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடங்களுக்கு ஃபயர் லிஃப்ட் வேண்டும் என்கிறது. குறைந்தது எட்டுப் பேர் ஏறக்கூடியதாகவும், தரைத்தளத்திலிருந்து உச்சி மாடிக்கு ஒரு நிமிடத்துக்குள் போகக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளிலோ 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். நாம் சொன்ன ஐந்து மாடி இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் மாட்டும் ரகம். உங்கள் கட்டடத்தை எது கட்டுப்படுத்துகிறது என்பதைத் திட்ட அனுமதி ஆணையில் எழுதியிருக்கும் நிபந்தனையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உயரத்தைவிட முக்கியம் மின்சாரம். ஃபயர் லிஃப்டுக்குத் தனி சப்ளை, அது போனால் தானாக மாறும் மாற்று சப்ளை, தீ எட்டாத பாதையில் கேபிள், இந்த மூன்றும் வேண்டும். இங்கேதான் நம்மூரில் கோட்டை விடுகிறார்கள். ஜெனரேட்டர் இருக்கும், அதன் கேபிளும் ஈபி கேபிளும் ஒரே குழியில், மீட்டர் போர்டுக்குப் பின்னால் சேர்ந்து ஏறும். போர்டு எரிந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஏஆர்டி பேட்டரியை மாற்று சப்ளை என்று காட்டுவது அதைவிட மோசம்.

இன்னொன்று, தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஃபயர்மேன் சுவிட்ச். அதைப் போட்டதும் மாடிகளில் அழுத்திய அழைப்பெல்லாம் செத்துவிடும். லிஃப்ட் நேராகக் கீழே வந்து கதவைத் திறந்து நிற்கும். அதன்பின் உள்ளே இருக்கும் வீரர் சொல்வதை மட்டுமே கேட்கும். மாடியில் நின்றாலும் கதவு தானாகத் திறக்காது. அவர் பொத்தானை அழுத்தியே பிடித்திருக்க வேண்டும். இடுக்கில் புகை தெரிந்து கையை எடுத்தால் கதவு திரும்ப மூடிக்கொள்ளும். அப்படியும் தீ உள்ள மாடிக்கு நேராகப் போக மாட்டார்கள். இரண்டு மாடி கீழேயே இறங்கிப் படியேறுவார்கள். லிஃப்டுக்கு முன்னுள்ள லாபிக்குத் தீ தாங்கும் கதவும், குழாய்த் தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் ஓடாதபடி தரைச்சரிவும் வேண்டும்.

“அண்ணாச்சி, கதவுலதான் ஃபயர் லிஃப்ட்னு எழுதியிருக்கே” என்று அசோசியேஷனில் யாராவது சொன்னால், அடுத்த லிஃப்ட் சர்வீஸ் நாளில் டெக்னீஷியனை வைத்துக்கொண்டே சோதித்துப் பாருங்கள். லிஃப்டை மூன்றாம் மாடியில் நிறுத்திவிட்டுக் கீழே சுவிட்சைப் போட்டால் அது தானாக இறங்கி வர வேண்டும். பிறகு மெயினை இறக்கினால் ஜெனரேட்டரில் எல்லா மாடிக்கும் ஓட வேண்டும். பக்கத்து மாடியில் நின்று கதவைத் திறந்துகொண்டால், ஓடியது ஏஆர்டி. அது பெயரளவில்தான் ஃபயர் லிஃப்ட். அப்படியென்றால் அந்த எழுத்தை அழித்துவிட்டு, ‘தீயின்போது லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள்’ என்று ஒவ்வொரு மாடியிலும் எழுதி வையுங்கள். எழுத்து சரியாகவே இருந்தாலும், சாதாரண நாளில் எல்லாரும் ஏறலாம். தீயின்போது அது குடியிருப்போருக்கு இல்லை.